ஏழாம் கிணற்றை ஏன் மறைத்தீர்கள்?

வாசகர் கடிதம்:

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம். நான் கடலூர் முதுநகரைச் சேர்ந்தவன். சிவில் இன்ஜினியரிங் முடித்திருக்கிறேன். நெதர்லாந்தில் நிலத்தடி நீரியல் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். ஏன் படிக்க விரும்புகிறேன் என்று விண்ணப்பத்தில் சொல்லும் எஸ்.ஓ.பி.யின் முக்கியமான பத்தியை முதலில் தமிழில் எழுதி, பிறகு ஆங்கிலமாக்கலாம் என்று இருக்கிறேன். நடை, ஓட்டம், இலக்கணம் மூன்றையும் சீர்செய்து தர வேண்டுகிறேன். சொற்கள் இன்னும் உயர்வாக இருக்க வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். என் ஆய்வுத்திட்ட அறிக்கையையும் இணைத்துள்ளேன். பத்தி இது:

"சிறுவயது முதலே நீரின் மீது எனக்கு அளவற்ற ஆர்வம் உண்டு. நீரே உயிர்களின் ஆதாரம். கடலோர மாவட்டமான கடலூரில் பிறந்த நான் நிலத்தடி நீர் உப்பாவதைக் கண்கூடாகக் கண்டு வளர்ந்தேன். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் இருந்தால் கீழே நாற்பது மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது கிபென்–ஹெர்ஸ்பெர்க் விதி. 2023ஆம் ஆண்டு இறுதியாண்டு ஆய்வுத்திட்டத்தில் 12 கிணறுகளில் நீர் மாதிரிகள் சேகரிக்கப்பட்டு, மின்கடத்துதிறன், குளோரைடு ஆகியவை பரிசோதிக்கப்பட்டுள்ளன. இதன் மூலம் கடல்நீர் ஊடுருவல் நிரூபிக்கப்பட்டது. மேலும், இத்திட்டம் என் தலைமைப் பண்பையும் குழுவாகச் செயல்படும் திறனையும் வளர்த்தது. எனவே, உலகப் புகழ்பெற்ற தங்கள் பல்கலைக்கழகத்தில் பயின்று என் நாட்டுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்."

பதில்:

வணக்கம். இலக்கணத்தை மட்டும் பார்த்தால் இந்தப் பத்தியில் சிவப்பு மையால் சுழிக்க வேண்டிய இடம் அநேகமாக ஒன்றும் இல்லை. தமிழ் சுத்தமாகவே இருக்கிறது. ஆனால் இதை இப்படியே ஆங்கிலமாக்கினால் இலக்கணப் பிழைகள் வரிசையாகப் புறப்படும். அவற்றுக்கான விதை இந்தத் தமிழ் வாக்கியங்களிலேயே இருக்கிறது என்பதைப் பிறகு காட்டுகிறேன். அதற்கு முன்னால் பேச வேண்டியது ஓட்டத்தைப் பற்றி. ஓட்டம் சொற்களால் வருவது என்று உங்கள் நண்பர்கள் நினைக்கிறார்கள். அந்த எண்ணம் எனக்கும் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரியில் நான் இந்தத் திருத்தும் வேலையைத் தொடங்கிய புதிதில், ஒரு மாணவியின் பத்தியை அவ்வளவு பளபளப்பாக்கிக் கொடுத்தேன். நேர்காணலில் அதில் இருந்த ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டார்கள், அவரால் சொல்ல முடியவில்லை. அந்தச் சொல் என்னுடையது. அன்று முதல் ஒருவர் கொடுக்கும் பத்தியில் இல்லாத சொல்லைத் தேடுவதற்கு முன்னால், அவருடைய மற்ற தாள்களில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். உங்கள் ஆய்வுத்திட்ட அறிக்கையையும் அப்படித்தான் முழுவதுமாகப் படித்தேன். பின்னிணைப்புகளைச் சற்றுக் கூடுதலாகவே படித்தேன்.

உங்கள் பத்தியை நான் முதலில் ஒரு சிறிய சோதனைக்கு உட்படுத்தினேன். இரண்டாம் வாக்கியத்தையும் நான்காம் வாக்கியத்தையும் இடம் மாற்றி வைத்துப் படித்தேன், ஒன்றும் கெடவில்லை. தலைமைப் பண்பைப் பற்றிய வாக்கியத்தை எடுத்து முதலிலேயே வைத்தேன், அப்போதும் கெடவில்லை. ஒரு பத்தியில் வாக்கியங்களை இப்படிச் சீட்டுக்கட்டைப் போலக் கலைத்துப் போட முடிந்தால், அங்கே ஓட்டம் இல்லை என்று பொருள். அந்தக் குறையை எழுதுகிறவரின் மனம் உணர்ந்துவிடுகிறது. ஆகவேதான் "இதன் மூலம்", "மேலும்", "எனவே" என்று இணைப்புச் சொற்களைப் போட்டுத் தைக்கப் பார்க்கிறது. இந்த மூன்றில் "எனவே" என்பது உண்மையிலேயே ஒரு காரணத்தைக் கோரும் சொல். குழுவாகச் செயல்படும் திறன் வளர்ந்தது, எனவே நெதர்லாந்தில் படிக்க விரும்புகிறேன் என்றால், படிக்கிறவர் இடையில் ஒரு படியைத் தேடித் தடுமாறுவார். ஒரு வாக்கியம் முடிவதற்குள் படிக்கிறவர் மனத்தில் ஒரு கேள்வியை எழுப்பி, அடுத்த வாக்கியம் அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் இணைப்புச் சொல்லுக்கு வேலையே இருக்காது. அப்படிப்பட்ட கேள்வி ஒன்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது, பத்தியில் இல்லை.

அறிக்கையின் அட்டவணையில் 2022 டிசம்பரிலும் 2023 ஏப்ரலிலும் எடுத்த அளவுகள் இருக்கின்றன. அதாவது, வடகிழக்குப் பருவமழை ஓயும் தறுவாயில் ஒருமுறை, கோடை தொடங்கிய பின் ஒருமுறை. தேவனாம்பட்டினத்தில் கடலிலிருந்து 300 மீட்டர் தொலைவில் உள்ள மூன்றாம் கிணற்றில் குளோரைடு லிட்டருக்கு 210 மில்லிகிராமிலிருந்து 260 ஆகியிருக்கிறது. முதுநகரில், கடலிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உள்ளே, உப்பனாற்றின் மேற்குக் கரையை ஒட்டிய ஏழாம் கிணற்றிலோ 640இலிருந்து 1,180 ஆகியிருக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் குளோரைடுக்கு 250 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1,000 வரையில் பொறுத்துக்கொள்ளலாம் என்றும் வைத்திருக்கிறது. ஆக, கடலோரக் கிணறு ஏறத்தாழக் குடிக்கத்தக்கதாக இருக்க, உள்ளே இருக்கும் கிணறு எல்லை கடந்து உப்பாக இருக்கிறது. கடல்நீர் கரையிலிருந்து உள்நோக்கி ஊடுருவுகிறது என்று நிரூபித்துவிட்டதாகச் சொல்லும் பத்திக்கு இதைவிடச் சங்கடமான கிணறு வேறு கிடையாது. அறிக்கையில் அதை "பரிசோதனைப் பிழையாக இருக்கலாம்" என்று ஒரே வரியில் கடந்திருக்கிறீர்கள், எஸ்.ஓ.பி.யில் கிணற்றையே காணோம்.

ஆனால் பின்னிணைப்பில் இரண்டு குறிப்புகள் கிடக்கின்றன. ஒன்று, ஏழாம் கிணற்றின் ஏப்ரல் மாதிரியை நீங்கள் சில்வர் நைட்ரேட் கொண்டு மூன்று முறை தரம்பார்த்திருக்கிறீர்கள். மாதிரியை நீர்க்கச் செய்த பிறகு, மஞ்சள் நிறம் செங்கல் நிறத்துக்குத் திரும்பிய புள்ளி மூன்று முறையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்திருக்கிறது. மூன்று முறை ஒரே எண் வந்தால் கை தவறியது என்று சொல்வது கடினம். இன்னொன்று, அந்தக் கிணற்று வீட்டு அம்மா சொன்னதாக உங்கள் கையெழுத்தில் உள்ள வரி: "மழை நின்னா ரெண்டு மாசம்தான் இந்தத் தண்ணி வாய்க்கு ஆகும்." டிசம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையே உங்கள் அட்டவணை காட்டும் ஏற்றத்தை அந்த அம்மா கருவி இல்லாமலே சொல்லியிருக்கிறார். உங்கள் பத்தியில் "கண்கூடாகக் கண்டு வளர்ந்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? நீங்கள் கண்கூடாகக் கண்டது இது. இதை விட்டுவிட்டு, எந்த ஊர்க்காரரும் எழுதக்கூடிய ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டீர்கள்.

இப்போது நான்காம் வாக்கியத்துக்கு வருகிறேன். கிபென்–ஹெர்ஸ்பெர்க் விதியை நெதர்லாந்துப் பேராசிரியருக்கு எடுத்துச் சொல்வது திருநெல்வேலிக்கே அல்வா அனுப்புவதைப் போன்றது. விதியின் பெயரில் முன்னால் நிற்கும் படோன் கிபென் ஒரு நெதர்லாந்துக்காரர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதை எழுதியவர். அந்த நாட்டின் ஏறத்தாழக் கால் பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே இருப்பதால், நிலத்தடியில் உப்பு நீர் ஏறுவது அவர்களுக்கு அன்றாடக் கவலை. எனவே முதல் பார்வையில் இந்த வாக்கியத்தை நீக்கிவிடச் சொல்லவே நினைத்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், பாடநூல் வரியாக வந்து நிற்கும் இந்த விதிக்கு உங்கள் பத்தியில் ஒரு வேலை இருக்கிறது. கடற்கரை மணல்மேட்டில் இறங்கும் மழைநீர், கனமான உப்பு நீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கும். அலைச்சத்தம் கேட்கும் தூரத்திலேயே மீனவர் குப்பங்களில் ஊற்று தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பது அதனால்தான். உங்கள் மூன்றாம் கிணறு ஏன் இனிப்பாக இருக்கிறது என்பதற்கு இந்த விதி விளக்கமாகலாம். ஏழாம் கிணற்றை அது விளக்காது. விதியை ஒப்பிப்பதற்கும், அது எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று காட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டைத்தான் தேர்வுக் குழுவினர் தேடுவார்கள். நான் நீரியல் கட்டுரைகளைத் திருத்திப் பழகியவளே தவிர நீரியலாளர் அல்ல. ஆகவே மணல்மேட்டைப் பற்றிய இந்த ஒரு வரியை மட்டும் உங்கள் வழிகாட்டியிடம் காட்டி, அந்த இடத்து மண் அடுக்குக்கு அது பொருந்துகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது "நிரூபிக்கப்பட்டது". 12 கிணறுகள், இரண்டு சுற்று, இரண்டு அளவுகள். இதை வைத்துக்கொண்டு நீர் உப்பாக இருக்கிறது என்று சொல்லலாம். உப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. ஓத நீர் ஏறும் உப்பனாற்றிலிருந்து பக்கவாட்டில் கசிந்திருக்கலாம். பழங்காலத்துக் கடற்களிமண் படிவு கிணற்றடியில் இருக்கலாம். வீட்டுக் கழிவுநீரும் குளோரைடைக் கூட்டும். இந்த மூன்றும் குளோரைடு அளவில் ஒரே முகத்தைத்தான் காட்டும். குளோரைடுக்கும் புரோமைடுக்கும் உள்ள விகிதம், ஐசோடோப்பு அளவுகள் போன்றவற்றைக் கொண்டு அவற்றைப் பிரித்தறிய முயல்வார்கள். உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் அதற்கு வசதி இல்லை என்பதும் அறிக்கையிலேயே இருக்கிறது. நீங்கள் எந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறீர்கள்? இவற்றைக் கற்றுத்தரும் படிப்புக்கு. அப்படியானால் "என்னால் இதைச் சொல்ல முடியவில்லை" என்ற வாக்கியமே உங்கள் ஆய்வுத்திட்டத்தையும் அந்தப் படிப்பையும் இணைக்கும் பாலம். "நிரூபிக்கப்பட்டது" என்று எழுதிய கணத்தில் அந்தப் பாலத்தை நீங்களே இடித்துவிட்டீர்கள். எல்லாம் நிரூபணமாகிவிட்ட பிறகு படிக்க என்ன இருக்கிறது?

இனி, யார் செய்தது என்ற கேள்வி. "சேகரிக்கப்பட்டு", "பரிசோதிக்கப்பட்டுள்ளன", "நிரூபிக்கப்பட்டது" என்று மூன்று செயப்பாட்டு வினைகள் அடுத்தடுத்து வருகின்றன. ஆய்வறிக்கையில் இந்த நடை வழக்கம்தான். யார் எடுத்தாலும் மாதிரி மாதிரிதான் என்பது அதன் நியாயம். எஸ்.ஓ.பி.யில் அந்த நியாயம் செல்லாது. அங்கே மதிப்பிடப்படுவது மாதிரி அல்ல, மாதிரி எடுத்தவர். அறிக்கையின் முகப்பில் மூன்று பெயர்கள் இருக்கின்றன. நீங்கள் செய்தது எது, மற்ற இருவர் செய்தது எது என்பதைச் சொல்லாமல் செயப்பாட்டு வினையின் பின்னால் ஒதுங்கினால், எல்லாவற்றையும் தன்னுடையதாக்கிக்கொள்கிறார் என்றோ, எதையும் செய்யவில்லை என்றோ படிக்கிறவர் நினைக்க இடமுண்டு. உங்கள் வழிகாட்டி எழுதப்போகும் பரிந்துரைக் கடிதத்தில் "மூவர் குழு" என்று இருந்து, உங்கள் பத்தியில் "நான்" மட்டுமே இருந்தால் அது இன்னும் மோசம். தமிழில் "நாங்கள்", "நான்" இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அரைப்புள்ளி போட்டுப் பிரித்து எழுதினால் போதும். கிணறுகளைத் தேர்ந்தெடுத்ததும் தரம்பார்த்ததும் நீங்கள் என்று அறிக்கையின் பணிப்பங்கீட்டுப் பக்கம் சொல்கிறது, அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். இதைச் சொல்லிவிட்டால் தலைமைப் பண்பு, குழுத்திறன் என்ற வாக்கியம் தானாகவே தேவையற்றுப் போகிறது.

மீதமிருக்கும் வாக்கியங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிறுவயது ஆர்வம், உயிர்களின் ஆதாரம், உலகப் புகழ், நாட்டுக்குச் சேவை ஆகிய நான்கையும் நீக்கிவிட்டேன். அவை பொய் என்பதற்காக அல்ல. கோவையிலிருந்து இயந்திரவியல் படிக்கப் போகிறவரும் "நீர்" என்ற சொல்லை மட்டும் மாற்றி அவற்றை எழுதலாம் என்பதற்காக.

திருத்திய பத்தி இது:

"2022 டிசம்பரிலும் 2023 ஏப்ரலிலும் நாங்கள் மூன்று மாணவர்கள் கடலூர்க் கடற்கரையை ஒட்டிய 12 கிணறுகளின் நீரைச் சோதித்தோம்; கிணறுகளைத் தேர்ந்தெடுத்ததும் குளோரைடைத் தரம்பார்த்ததும் என் பொறுப்பு. கடலை நெருங்க நெருங்க உப்பு கூடும் என்று எதிர்பார்த்தோம். ஆனால் ஏப்ரலில், கடலிலிருந்து 300 மீட்டரில் உள்ள மூன்றாம் கிணற்றில் லிட்டருக்கு 260 மில்லிகிராம் குளோரைடு இருக்க, ஒரு கிலோமீட்டர் உள்ளே, உப்பனாற்றங்கரையில் உள்ள ஏழாம் கிணற்றில் 1,180 இருந்தது. மணல்மேட்டில் மிதந்து நிற்கும் நன்னீர் வில்லை மூன்றாம் கிணற்றை விளக்கக்கூடும்; ஏழாம் கிணற்றை விளக்கவில்லை. அதைப் பரிசோதனைப் பிழையாக இருக்கலாம் என்று அறிக்கையில் எழுதினோம். மூன்று முறை சோதித்தும் எண் மாறாததாலும், மழை நின்ற இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்த நீர் வாயில் வைக்க முடியாது என்று கிணற்றுக்கு உரியவர் சொன்னதாலும், அந்த முடிவை நான் இப்போது ஏற்கவில்லை. உப்பு ஆற்றின் வழியாக வந்ததா, பழைய களிமண் படிவிலிருந்து வந்ததா, கழிவுநீரிலிருந்து வந்ததா என்பதைக் குளோரைடு அளவை மட்டும் வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. இவற்றைப் பிரித்தறியும் முறைகளைக் கற்பதற்காகவே, நிலத்தடி நீர் வேதியியலையும் கணினி மாதிரியாக்கத்தையும் சேர்த்துக் கற்பிக்கும் இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன்."

இதில் "மேலும்" இல்லை, "இதன் மூலம்" இல்லை. "ஆனால்" ஒரே ஒருமுறை வருகிறது. எதிர்பார்ப்பு உண்மையிலேயே முறியும் இடத்தில் வருகிறது. இப்போது எந்த வாக்கியத்தையாவது இடம் மாற்றிப் பாருங்கள். ஏழாம் கிணறு அறிமுகமாவதற்கு முன்னால் பரிசோதனைப் பிழையைப் பற்றிப் பேச முடியாது. பிழை அல்ல என்று சொல்வதற்கு முன்னால் உப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்க முடியாது. பத்தி உங்கள் பழைய பத்தியைவிடச் சற்று நீளம்தான். இருந்தாலும், நீளக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தால் எதை வெட்டலாம் என்றும் சொல்லிவிடுகிறேன்: மணல்மேட்டு வாக்கியத்தை வெட்டலாம், அந்த அம்மாவின் சொல்லை வெட்டலாம், இரண்டு எண்களையும், சொல்ல முடியவில்லை என்ற வாக்கியத்தையும் வெட்டக்கூடாது. "பரிசோதனைப் பிழை என்று எழுதினோம்" என்பதைப் படிக்கும்போது உங்களுக்குக் கூச்சமாக இருக்கும் என்று தெரியும். தன் அறிக்கையின் ஒரு வரியைத் தானே திரும்பிப் பார்த்து மறுக்கும் மாணவரை ஆய்வுக்கூடத்தில் வைத்துக்கொள்ள எந்த ஆசிரியரும் தயங்கமாட்டார் என்பது என் அனுபவம்.

இனி ஆங்கிலம். நான் முதலில் சொன்ன விதைகளில் மூன்றை மட்டும் காட்டுகிறேன். "2023ஆம் ஆண்டு பரிசோதிக்கப்பட்டுள்ளன" என்பது தமிழில் பிழையல்ல. "உள்ளன" என்ற ஒட்டு, நடந்து முடிந்ததையும் அதன் பயன் இன்று நிற்பதையும் ஒன்றாகத் தாங்கிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் கை தானாகவே "ஹேவ் பீன் டெஸ்டட் இன் 2023" என்று எழுதும். அங்கே ஆண்டைச் சொல்லிவிட்டால் "ஹேவ்" வரக்கூடாது. "வி டெஸ்டட்" என்ற எளிய இறந்தகாலம்தான் வர வேண்டும். நம் ஊர் விண்ணப்பங்களில் நான் மிகுதியாகத் திருத்தும் பிழை இதுதான். அதனால்தான் தமிழ்ப் பத்தியிலேயே "சோதித்துள்ளோம்" என்பதைத் தவிர்த்து "சோதித்தோம்" என்று எழுதினேன். "உள்ளது" ஒட்டிய வினையுடன் ஆண்டு வரும் இடங்களை உங்கள் மற்ற பத்திகளிலும் தேடிப் பாருங்கள்.

இரண்டாவது, மறைந்து நிற்கும் எழுவாய். "கிணறுகளைச் சோதித்தபோது உப்பு கூடுதலாக இருந்தது" என்றால் சோதித்தவர் யார் என்று தமிழ் வாசகர் கேட்கமாட்டார்; வினையெச்சத்தின் எழுவாயை இடத்தை வைத்தே புரிந்துகொள்வார். இதையே "வைல் டெஸ்டிங் தி வெல்ஸ், சால்ட் வாஸ் ஹை" என்று பெயர்த்தால், கிணற்றைச் சோதித்தது உப்பு என்று ஆகிவிடும். காற்புள்ளிக்கு முன்னால் யார் செய்கிறாரோ அவரே காற்புள்ளிக்குப் பின்னால் முதல் ஆளாக நிற்க வேண்டும் என்பது அங்கே விதி. திருத்திய பத்தியின் ஆறாம் வாக்கியத்தில் "சோதித்தும்", "சொன்னதாலும்" என்று இரண்டு எச்சங்கள் உள்ளன. ஒன்றைச் செய்தவர்கள் நீங்கள், மற்றொன்றைச் செய்தவர் கிணற்றுக்காரர். தமிழில் அது இயல்பாக நிற்கிறது. ஆங்கிலத்தில் அதை மூன்று சிறிய வாக்கியங்களாக உடைத்துவிடுங்கள்: எண் மாறவில்லை, கிணற்றுக்காரர் இப்படிச் சொன்னார், நான் அந்த முடிவை இப்போது ஏற்கவில்லை. நீண்ட தமிழ் வாக்கியத்தை நீண்ட ஆங்கில வாக்கியமாகவே பெயர்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மூன்றாவது, அழுத்தம் விழும் இடம். தமிழில் வினை கடைசியில் வருவதால், நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது வினைக்குச் சற்று முன்னால் வந்து அமர்கிறது: "ஏழாம் கிணற்றில் 1,180 இருந்தது." ஆங்கில வாசகரின் காது வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் காத்திருக்கும். ஆகவே அந்த வாக்கியத்தை 1,180 என்ற எண்ணில் முடியும்படி அமையுங்கள். ஊர்ப்பெயரிலோ ஆற்றின் பெயரிலோ முடிக்காதீர்கள். உப்பனாறு என்பது ஓத நீர் ஏறும் கழிமுகம் என்பதையும் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொற்களில் சேர்க்க வேண்டியிருக்கும். நமக்குப் பெயரிலேயே உப்பு இருக்கிறது. அவர்களுக்கு அது வெறும் பெயர்.

ஒரு வேலை இன்னும் பாக்கி. கடைசி வாக்கியத்தில் "நிலத்தடி நீர் வேதியியலையும் கணினி மாதிரியாக்கத்தையும் சேர்த்துக் கற்பிக்கும்" என்று நான் எழுதியது, நீங்கள் அறிக்கையில் இல்லையென்று குறைபட்டவற்றை வைத்து நானாக ஊகித்தது. நீங்கள் விண்ணப்பிக்கும் படிப்பின் பாடப்பட்டியலைத் திறந்து, இந்த இரண்டும் கட்டாயப் பாடமா, விருப்பப் பாடமா, எந்தப் பெயரில் இருக்கின்றன என்று பார்த்து, அந்தப் பெயர்களையே இங்கே எழுத வேண்டும். பட்டியலில் இல்லாத பாடத்தைக் குறிப்பிட்டு வரும் எஸ்.ஓ.பி.கள் ஒவ்வோர் ஆண்டும் என் மேசைக்கு வருகின்றன. ஒரே பத்தியை ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பும்போது நேர்வது அது. வேறு பல்கலைக்கழகத்துக்கும் அனுப்புவதாக இருந்தால் மற்ற ஏழு வாக்கியங்களும் அப்படியே இருக்கலாம். இந்த ஒன்றை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதுங்கள். அனுப்புவதற்கு முன் பத்தியின் ஒரு பிரதியை உங்கள் வழிகாட்டிக்கும், உடன் ஆய்வு செய்த இருவருக்கும் காட்டிவிடுங்கள். "பரிசோதனைப் பிழை" என்ற வரி அவர்களுடையதும் ஆகும். நீங்கள் அதை மறுக்கிறீர்கள் என்பதை அவர்கள் உங்கள் வாயிலிருந்து முதலில் கேட்க வேண்டும்.